வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை வாங்காமல் வேலை செய்வது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விடுதிகள், அரிசி ஆலைகள், புடவைக் கடைகள், தனியார் வகுப்புகள் ஆகியவற்றின் இணையத்தளத்தையும் பேஸ்புக் பக்கத்தையும் பார்த்துக் கொடுக்கும் வேலையைப் பலர் வீட்டிலிருந்தே செய்யத் தொடங்கியுள்ளனர். வேலையைப் படித்துக்கொள்ள எத்தனையோ காணொளிகள் கிடைக்கின்றன. ஆனால் முதல் வாடிக்கையாளர் தன்னுடைய கணக்குகளின் கடவுச்சொற்களை எல்லாம் ஒரு கொப்பித் தாளில் எழுதிப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் அதைத் தட்டுத் தடுமாறித்தான் பழகினேன். முந்தைய பொறுப்பாளர் தன் சொந்தப் பெயரில் வைத்திருந்த ஒரு பக்கத்தை உரிமையாளரிடம் மீட்டுக் கொடுப்பதற்குப் பட்ட சிரமம், இந்த ஒழுங்கை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குத் தந்தது.

விளக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அறுகம்பேயில் ஒரு சிறிய விருந்தினர் விடுதி. அதற்கு வேர்ட்பிரஸில் அமைந்த ஓர் இணையத்தளம், ஒரு பேஸ்புக் பக்கம், கூகுள் வரைபடத்தில் தெரியும் வணிகப் பதிவு, புக்கிங் தளத்தில் ஒரு கணக்கு, முன்பதிவுக்கான ஒரு ஜிமெயில் ஆகியன உள்ளன. உரிமையாளர் அவை அனைத்தையும் உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறார்.

1. முதலில் பட்டியல் போடுங்கள்

எந்தக் கடவுச்சொல்லையும் வாங்குவதற்கு முன், உரிமையாளருடன் அமர்ந்து, கணக்குகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் வேறு பயனராகச் சேர்க்கக்கூடிய கணக்குகள் முதல் வகை. ஒரே ஒரு கடவுச்சொல் மட்டுமே உள்ள, அதை வாங்காமல் வேலை செய்ய முடியாத கணக்குகள் இரண்டாவது வகை. நீங்கள் தொடவே கூடாதவை மூன்றாவது வகை.

எங்கள் எடுத்துக்காட்டில் பேஸ்புக் பக்கம், கூகுள் பதிவு, வேர்ட்பிரஸ், புக்கிங், ஜிமெயில் ஆகிய ஐந்தும் முதல் வகையைச் சேர்ந்தவை. இணையத்தளம் தங்கியிருக்கும் ஹோஸ்டிங் கணக்கும், டொமைன் பெயரைப் பதிவு செய்த கணக்கும் பெரும்பாலும் இரண்டாவது வகையில் வரும். வங்கியின் ஒன்லைன் கணக்கு, அட்டை இலக்கம், அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்கள், உரிமையாளரின் தனிப்பட்ட பேஸ்புக் கணக்கு ஆகியவை மூன்றாவது வகை. விளம்பரத்துக்குப் பணம் கட்ட வேண்டுமென்றால் உரிமையாளர் தன் கையாலேயே அட்டையைச் சேர்க்கட்டும். "நீங்களே போட்டுக் கொள்ளுங்கள் தம்பி" என்று அவர் அன்பாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பட்டியல் போடும்போதே, ஒவ்வொரு கணக்குக்கும் மீட்பு மின்னஞ்சலும் மீட்புத் தொலைபேசி இலக்கமும் யாருடையவை என்று கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மருமகனின் இலக்கம், முன்பு வேலை செய்தவரின் மின்னஞ்சல், எப்போதோ துண்டிக்கப்பட்ட சிம் ஆகியவை இந்த இடத்தில்தான் வெளிவரும். அவற்றை உரிமையாளரின் தற்போதைய இலக்கத்துக்கு மாற்றிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும். கடவுச்சொல் யாரிடம் இருந்தாலும், மீட்பு இலக்கத்தை வைத்திருப்பவரால் கணக்கைத் தன் வசம் எடுத்துக்கொள்ள முடியும்.

2. அனுமதியைத் தாளில் வாங்குங்கள்

இதற்கு ஒரு பக்கம் போதும். உரிமையாளரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வியாபாரப் பதிவு இலக்கம், உங்கள் விபரம், நீங்கள் அணுகப்போகும் கணக்குகள், ஒவ்வொன்றிலும் உங்களுக்குத் தரப்படும் அனுமதியின் அளவு, தொடங்கும் திகதி, முடியும் திகதி ஆகியவற்றை எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளில் கடவுச்சொல் எதுவும் இடம்பெறக் கூடாது.

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றிப் பிறருடைய கணினி அமைப்புக்குள் நுழைவது குற்றமாகும். கணக்கில் ஏதாவது பிரச்சினை நேரும்போது, நீங்கள் அனுமதியுடன்தான் உள்ளே இருந்தீர்கள் என்பதைக் காட்ட இந்தத் தாள் உதவும். வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதியொன்றை உரிமையாளர் தன்னிடம் எடுத்து வைத்திருப்பதும் நல்லது. கூகுளிடமோ பேஸ்புக்கிடமோ உரிமையை நிரூபிக்க வேண்டி வந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

3. உங்கள் பெட்டகத்தை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

கடவுச்சொல் மேலாளர் என்பது எல்லாக் கடவுச்சொற்களையும் மறையாக்கம் செய்து ஒரே பெட்டகத்தில் வைத்திருக்கும் செயலி. நான் பிட்வார்டனை முன்வைத்து எழுதுகிறேன். அதன் இலவசத் திட்டத்திலேயே எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை கருவிகளிலும் வைத்திருக்கலாம் என்பதால், தொடக்கத்தில் உங்களுக்குப் பணச் செலவு இல்லை. bitwarden.com என்ற முகவரியை நீங்களே தட்டச்சுச் செய்து கணக்கைத் திறவுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்க வேண்டாம்.

பெட்டகத்தின் முதன்மைக் கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்துகள் கொண்டதாக இருக்க வேண்டும் என்று அந்தச் செயலி கேட்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து அல்லது ஆறு சொற்களை வரிசையாக வைப்பதே நினைவில் நிற்பதற்கும் பிறர் ஊகிக்காமல் இருப்பதற்கும் ஏற்ற வழி. அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் படும் சொல்லை எடுங்கள். பாடல் வரி, குறள், பிள்ளையின் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் வேண்டாம்.

தமிழ்ச் சொற்களை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கருவியிலும் தமிழ் விசைப்பலகை இருக்காது என்பதால் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சுச் செய்வீர்கள். அப்போது ஒரே சொல்லை இன்றைக்கு `vaalai` என்றும் அடுத்த வாரம் `vazhai` என்றும் எழுத இடமுண்டு. ஆகவே எழுத்துக்கூட்டலை முதல் நாளே முடிவு செய்து, அதே வடிவத்தில் ஒரு தாளில் எழுதி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் இடத்தில் வையுங்கள். முதன்மைக் கடவுச்சொல் மறந்துபோனால் நிறுவனத்தாராலும் பெட்டகத்தைத் திறந்து தர முடியாது. அவர்களிடம் அந்தக் கடவுச்சொல் இருப்பதில்லை.

அடுத்து, பெட்டகத்துக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, அப்போது கிடைக்கும் மீட்புக் குறியீட்டையும் அதே தாளில் எழுதுங்கள். இதில் பலர் அகப்படும் பொறி ஒன்று உண்டு. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடப்படாத பெட்டகத்தைப் புதிய கருவியில் திறக்கும்போது, பிட்வார்டன் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டை அனுப்பிக் கேட்கும். அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் பெட்டகத்துக்குள் மட்டுமே இருந்தால், தொலைபேசி தொலைந்த நாளில் இரண்டையுமே திறக்க முடியாது. ஆகவே உங்கள் சொந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பெட்டகத்தினுள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை வையுங்கள். ஒவ்வொரு பதிவின் குறிப்புப் பகுதியிலும் யார் தந்தது, எந்தத் திகதியில், எந்த அளவு அனுமதி, மீட்பு இலக்கம் யாருடையது என்று எழுதுங்கள். பிறகு குரோம் உலாவியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். அது இயங்கிக் கொண்டிருந்தால் வாடிக்கையாளரின் கடவுச்சொல் உங்கள் கூகுள் கணக்கிலும் ஒரு பிரதியாகச் சேர்ந்து, அதே கணக்கில் நுழைந்திருக்கும் வீட்டாரின் தொலைபேசி வரை போய்விடும்.

மாதம் ஒரு தடவை பெட்டகத்தின் பிரதியை எடுத்து ஒரு பென்டிரைவில் வையுங்கள். ஏற்றுமதி செய்யும்போது மறையாக்கம் செய்யப்பட்ட வகையையும், அதில் `Password protected` என்பதையும் தெரிவு செய்ய வேண்டும். `Account restricted` என்ற மற்றத் தெரிவில் எடுத்த பிரதியை அதே கணக்கில்தான் திரும்பச் சேர்க்க முடியும் என்பதால், அந்தக் கணக்கே இல்லாமல் போனால் பிரதியால் பயனில்லை. `.csv` கோப்பாக எடுத்தால் எல்லாக் கடவுச்சொற்களும் வெறும் எழுத்தாக உங்கள் கணினியில் கிடக்கும்.

4. முதல் வகைக் கணக்குகளில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்

வேலையின் பெரும் பகுதி இதுதான். உங்களிடம் இல்லாத கடவுச்சொல் உங்களிடமிருந்து கசிய வழியில்லை. உரிமையாளர் தன் தொலைபேசியிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும், நீங்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நேரில் பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். தொலைபேசியில் சொல்லிச் செய்விப்பதென்றால் ஒவ்வொரு கணக்கையும் ஒவ்வொரு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

*பேஸ்புக் பக்கம்.* "பக்கத்தின் பாஸ்வேர்ட் இதுதான்" என்று உரிமையாளர் தருவது உண்மையில் பக்கத்துடையது அல்ல. பக்கத்துக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. அவர் தருவது அவருடைய சொந்தக் கணக்கின் கடவுச்சொல். அதை வாங்கினால் அவருடைய குடும்பப் படங்கள், மெசஞ்சர் உரையாடல்கள் அனைத்தும் உங்கள் கையில் வந்துவிடும். கடைச் சுவருக்குப் பூச்சடிக்க வந்தவரிடம் வீட்டு உறுதியைக் கொடுப்பதற்கு ஒப்பானது இது. பொத்துவிலில் நாள்தோறும் பாவிக்கப்படும் கணக்கு திடீரென்று மட்டக்களப்பில் வேறொரு கணினியில் திறக்கப்பட்டால், பேஸ்புக் அதைச் சந்தேகித்துப் பூட்டிவிடவும் கூடும்.

ஆகவே உரிமையாளர் பக்கத்தின் அமைப்புகளில் `Page access` என்ற இடத்துக்குச் செல்லட்டும். அங்கே இரு வகை அனுமதிகள் உள்ளன. `Facebook access` பெறுபவர் பக்கமாகவே மாறி இயங்கலாம். அதில் முழுக் கட்டுப்பாட்டையும் இயக்கிக் கொடுத்தால், அவர் உரிமையாளரையே பக்கத்திலிருந்து நீக்கவும் முடியும். `Task access` பெறுபவருக்கு இடுகை, செய்திகள், பின்னூட்டம், விளம்பரம், புள்ளிவிபரம் ஆகியவற்றுள் தெரிவு செய்தவை மட்டுமே கிடைக்கும். நீங்கள் கேட்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். விடுதிக்கு இடுகையும் பின்னூட்டமும் போதும். விருந்தினரின் செய்திகளுக்கு உரிமையாளரே பதில் சொல்கிறார் என்றால் செய்திகளுக்கான அனுமதியைக் கேட்காதீர்கள். இந்த அனுமதியுடன் வேலை செய்வது மெட்டா பிஸ்னஸ் சூட் வழியாகத்தான். உங்கள் பேஸ்புக்கில் பக்கம் தெரியவில்லை என்று அழைப்பை மறுபடியும் மறுபடியும் அனுப்பச் சொல்ல வேண்டாம்.

முழுக் கட்டுப்பாடு உரிமையாளரிடமும், அவருடைய மனைவி, மகன் அல்லது சகோதரர் போன்ற இன்னொருவரிடமும் இருப்பதை இதே அமர்வில் உறுதிப்படுத்துங்கள். ஒருவரின் கணக்கு முடங்கினாலும் மற்றவரால் பக்கத்தைக் காப்பாற்ற முடியும்.

*கூகுள் வணிகப் பதிவு.* உரிமையாளர் தன் பதிவின் அமைப்புகளில் `People and access` என்பதைத் திறந்து, உங்கள் ஜிமெயிலை `Manager` ஆகச் சேர்க்கட்டும், `Owner` ஆக வேண்டாம். முகாமையாளரால் நேரம், படங்கள், விமர்சனங்களுக்கான பதில்கள் அனைத்தையும் பார்த்துக்கொள்ள முடியும், ஆனால் பிறரைச் சேர்க்கவோ நீக்கவோ பதிவை அழிக்கவோ முடியாது. புதிதாகச் சேர்க்கப்படும் எவருக்கும் முதல் ஏழு நாட்கள் சில செயல்களுக்குத் தடை இருக்கும். உரிமை மாற்றம், பழையவரை நீக்குதல் போன்றவை தேவைப்படும் என்றால் இந்த ஏழு நாட்களைக் கணக்கில் வையுங்கள். அறுகம்பேயில் பருவம் தொடங்கிய பிறகு இதைச் செய்ய உட்கார்ந்தால் உரிமையாளருக்கும் நேரம் இருக்காது, காத்திருக்கவும் மனம் வராது. மார்ச் மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

*வேர்ட்பிரஸ்.* `Users` பகுதியில் உங்களுக்கென ஒரு பயனரை உருவாக்கச் சொல்லுங்கள். படமும் எழுத்தும் மாற்றுவதுதான் வேலை என்றால் `Editor` போதும். அதனால் எல்லாப் பக்கங்களையும் இடுகைகளையும் திருத்தி வெளியிடலாம், ஆனால் செருகுநிரலை நிறுவவோ வேறு பயனரைச் சேர்க்கவோ முடியாது. செருகுநிரல் இற்றைப்படுத்தலும் உங்கள் பொறுப்பு என்றால் `Administrator` தேவைப்படும். அப்படியானால் அன்றாட வேலைக்கு ஒரு பயனரையும், மாதம் ஒரு தடவை இற்றைப்படுத்துவதற்கு இன்னொரு பயனரையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பயனருக்கும் இரு வேறு மின்னஞ்சல்கள் வேண்டும்.

*ஜிமெயில்.* முன்பதிவு மின்னஞ்சலைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் கடவுச்சொல் தேவையில்லை. உரிமையாளர் கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் `Accounts and Import` என்பதன் கீழ் `Grant access to your account` என்ற இடத்தில் உங்கள் முகவரியைச் சேர்க்கட்டும். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை ஒரு வாரத்துக்குள் நீங்கள் ஏற்க வேண்டும். அதன் பின் அனுமதி நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். உங்களால் வாசிக்கவும் அனுப்பவும் அழிக்கவும் முடியும், கடவுச்சொல்லை மாற்ற முடியாது. ஆனாலும் மற்றக் கணக்குகளின் மீட்பு இணைப்புகள் அந்த மின்னஞ்சலுக்கு வருமானால், இந்த அனுமதி மட்டுமே எல்லாக் கணக்குகளுக்கும் வழி விட்டுவிடும். மீட்பு மின்னஞ்சலாக உரிமையாளர் மட்டும் பார்க்கும் வேறொரு முகவரியை வைக்கச் சொல்லுங்கள்.

*புக்கிங் தளம்.* விடுதியின் நிர்வாகக் கணக்கிலேயே ஊழியர்களுக்குத் தனிப் பயனர்களை உருவாக்கி, ஒவ்வொருவரும் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வசதி உண்டு. விலையும் படமும் மாற்றுபவருக்குக் கொடுப்பனவுப் பகுதி தெரியத் தேவையில்லை.

5. மிஞ்சும் கடவுச்சொற்களைப் பெறும் முறை

ஹோஸ்டிங், டொமைன் போன்றவற்றின் கடவுச்சொல் வட்ஸ்அப்பில் வந்துவிட்டால், அந்தச் செய்தியை அழிப்பதோடு வேலை முடிவதில்லை. அது படமாக வந்திருந்தால் இருவரின் படத்தொகுப்பிலும், கூகுள் போட்டோஸிலும், வட்ஸ்அப்பின் காப்புப் பிரதியிலும் இருக்கும். கடையின் கணினியில் வட்ஸ்அப் இணைக்கப்பட்டிருந்தால் அங்கும் இருக்கும். இத்தனை இடங்களையும் தேடி அழிப்பதைவிடக் கடவுச்சொல்லையே மாற்றிவிடுவது குறைந்த வேலை.

முறை இதுதான். உரிமையாளரிடம் தொலைபேசியிலோ நேரிலோ பழைய கடவுச்சொல்லைக் கேட்டு, அவர் இருக்கும்போதே உள்ளே நுழையுங்கள். பிட்வார்டனின் உருவாக்கியில் 20 எழுத்துகள் கொண்ட புதிய கடவுச்சொல்லை எடுத்து, முதலில் பெட்டகத்தில் சேமித்துவிட்டு, பிறகு கணக்கில் மாற்றுங்கள். மாற்றிய பின் சேமிக்கலாம் என்று விட்டால், மின்சாரம் தடைப்படும் நேரத்தில் புதிய கடவுச்சொல் எங்கும் இல்லாமல் போகலாம். பிறகு புதிய கடவுச்சொல்லை உரிமையாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கணக்கு அவருடையது அல்லவா?

அதற்குப் பிட்வார்டனில் `Send` என்ற வசதி உள்ளது. எழுத்தை அனுப்புவது இலவசத் திட்டத்திலேயே முடியும், பெறுபவருக்குக் கணக்கு வேண்டியதில்லை. புதிய கடவுச்சொல்லை அதில் இட்டு, ஒரு நாளில் அழிய வேண்டும் என்றும், ஒரு தடவைதான் திறக்கலாம் என்றும், இணைப்பைத் திறக்க ஒரு சொல் வேண்டும் என்றும் அமையுங்கள். இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பி, அந்தச் சொல்லை அழைப்பெடுத்துச் சொல்லுங்கள். அவர் திறந்து தன் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். வீட்டு அலுமாரியில் இருக்கும் கொப்பி, தொலைபேசியில் கிடக்கும் படத்தைவிடப் பாதுகாப்பானது. உரிமையாளர் திறக்கப் போகும்போது இணைப்பு ஏற்கெனவே திறக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்தால், வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று கொண்டு உடனே மீண்டும் மாற்றுங்கள்.

பெட்டகத்தில் சேமித்த கடவுச்சொல்லை நகல் எடுத்து ஒட்டாமல், தானாக நிரப்பும் வசதியைப் பாவியுங்கள். சேமித்த இணைய முகவரியுடன் பொருந்தும் தளத்தில்தான் அது நிரப்பும். விடுதிக்காரர்களுக்குப் புக்கிங் தளத்தின் பெயரில் போலி மின்னஞ்சல்கள் வருவது அறியப்பட்ட மோசடி. உண்மையான நிர்வாகத் தளம் `admin.booking.com` என்பதில் இருக்கும். போலி முகவரியில் அந்த நிறுவனத்தின் பெயர் முன்னால் இருந்தாலும் முடிவு வேறொன்றாக இருக்கும். கண்ணுக்குப் பக்கம் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் பெட்டகம் எதையும் நிரப்பாமல் நிற்கும். அப்போது "இன்றைக்கு வேலை செய்யவில்லை" என்று கையால் ஒட்டிவிடாதீர்கள். பக்கத்தை மூடிவிட்டு, நீங்கள் வழமையாகச் செல்லும் வழியில் தளத்தைத் திறந்து பாருங்கள்.

6. இரண்டாம் கட்டக் குறியீடு யாருக்கு வர வேண்டும்

குறியீடு எப்போதும் உரிமையாளரின் தொலைபேசிக்கே வர வேண்டும். உங்கள் இலக்கத்தைப் போட்டால் வேலை சுலபமாக நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் சிம்மை மாற்றும் நாளிலோ வெளிநாடு போகும் நாளிலோ விடுதியின் கணக்கு பூட்டப்பட்டுவிடும்.

நான்காம் படியின்படி உங்கள் பெயரில் நுழையும் கணக்குகளுக்கு உங்கள் குறியீடு உங்களுக்கே வரும் என்பதால் இந்தச் சிக்கல் எழாது. ஹோஸ்டிங் போன்ற ஒற்றைக் கணக்குகளில், குறியீடு தரும் செயலியை இணைக்க ஒரு கியூஆர் கட்டம் காட்டப்படும். அதை முதலில் உரிமையாளரின் தொலைபேசியில் பிடித்து, அது தரும் ஆறு இலக்கங்களைத் திரையில் இட்டு உறுதிப்படுத்துவதற்கு முன் உங்கள் தொலைபேசியிலும் பிடித்தால், இரண்டும் ஒரே குறியீட்டைக் காட்டும். காப்புக் குறியீடுகளை அச்சிட்டு உரிமையாளரிடம் கொடுங்கள். கொமியுனிகேஷன் கடையில் அச்சிடுவதென்றால், அந்தக் கணினியில் கோப்பு தங்காதபடி கடைக்காரருக்கு அனுப்பாமல் பென்டிரைவில் கொண்டு சென்று, அச்சிட்ட பின் அழித்துவிடுங்கள்.

"உங்களுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள் அண்ணா" என்று உரிமையாளரைப் பழக்காதீர்கள். இன்று உங்களிடம் சொல்லிப் பழகியவர் நாளைக்கு உங்கள் பெயரைச் சொல்லிப் பேசும் மோசடிக்காரரிடமும் சொல்லிவிடுவார்.

7. உதவியாளர் சேரும்போது

பெட்டகத்தின் முதன்மைக் கடவுச்சொல்லை உதவியாளருக்குக் கொடுக்கக் கூடாது. பிட்வார்டனின் இலவசத் திட்டத்தில் இருவர் சேர்ந்து பாவிக்கும் ஒரு நிறுவனக் கணக்கையும், அதில் இரண்டு தொகுப்புகளையும் வைத்திருக்கலாம். அவருக்குத் தேவையானவற்றை மட்டும் ஒரு தொகுப்பில் இடுங்கள். கடவுச்சொல்லை மறைத்து, நிரப்ப மட்டும் விடும் அனுமதியும் உண்டு. அதை முழுப் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். உலாவியில் நிரப்பப்பட்ட கடவுச்சொல்லைப் பார்க்கத் தெரிந்தவருக்கு வழிகள் உள்ளன. உதவியாளர் விலகினால் அந்தத் தொகுப்பிலிருந்த ஒவ்வொரு கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

8. வேலை முடியும் நாள்

முடிவுத் திகதிக்கு ஒரு வாரம் முன்பே இதைத் தொடங்குங்கள், உரிமையாளர் ஓய்வாக இருக்கும் ஒரு மணி நேரம் தேவைப்படும். முதலில் ஒவ்வொரு கணக்கிலும் உரிமையாளர் தன் தொலைபேசியிலிருந்து முழு அனுமதியுடன் நுழைகிறாரா என்று அவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். அது உறுதியான பிறகே உங்கள் பெயரை நீக்க வேண்டும்.

வேர்ட்பிரஸில் உங்கள் பயனரை நீக்கும்போது, அந்தப் பயனர் எழுதியவற்றை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். `Delete all content` என்பதைத் தெரிவு செய்தால் நீங்கள் விடுதிக்காக உருவாக்கிய பக்கங்களும் சேர்ந்து போய்விடும். `Attribute all content to` என்பதைத் தெரிவு செய்து உரிமையாளரின் பயனர் பெயரைக் கொடுங்கள். வேறு செயலிகளை இணைக்க `Application Passwords` உருவாக்கியிருந்தால், அவை சாதாரணக் கடவுச்சொல்லை மாற்றினாலும் தொடர்ந்து இயங்கும் என்பதால் தனியாக இரத்துச் செய்ய வேண்டும்.

ஹோஸ்டிங், டொமைன் கணக்குகளில் உரிமையாளரே புதிய கடவுச்சொல்லை இடட்டும், அதை நீங்கள் பார்க்க வேண்டாம். உங்கள் தொலைபேசியில் பிடித்த குறியீடும் செல்லாமல் போக, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ஒரு தடவை நீக்கி அவருடைய தொலைபேசியில் மட்டும் மீண்டும் இணைக்கச் சொல்லுங்கள். விடுதியின் வட்ஸ்அப்பை உங்கள் கணினியில் இணைத்திருந்தால், அவருடைய தொலைபேசியில் `Linked devices` என்ற இடத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். முதன்மைத் தொலைபேசியும் உங்கள் கணினி இணைப்பும் பாவிக்கப்பட்டுக்கொண்டிருக்கும் வரை அந்த இணைப்பு தானாக அறாது.

முதல் நாள் போட்ட பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கணக்குக்கு எதிரிலும் நீக்கிய திகதியை எழுதி, அனுமதித் தாளின் பின்புறத்தில் இருவரும் ஒப்பமிடுங்கள். பெட்டகத்தில் அந்த வாடிக்கையாளரின் பதிவுகளை அழித்தால் அவை 30 நாட்கள் குப்பைத் தொட்டியில் இருக்கும், ஆகவே அங்கும் சென்று நிரந்தரமாக அழியுங்கள். பென்டிரைவில் உள்ள பழைய பிரதிகளிலும் அந்தக் கடவுச்சொற்கள் இருக்கும் என்பதால், அன்றைக்கே புதிய பிரதி ஒன்றை எடுத்துவிட்டுப் பழையவற்றை நீக்கிவிடுங்கள்.